இழை: கோரீடர் மெனு முழுக்க ரஷ்ய மொழி. தமிழ் எழுத்து, ஓரம், சிங்க் மூன்றையும் எப்படிச் சரிசெய்வது?

ஏட்டுக்காரி | மார்ச் 3, இரவு 9:40

ஈ-ரீடர் ஒன்னு கைமாறி வந்திருக்கு. உள்ள கோரீடர்ங்கிற வாசிப்பு ஆப் இருக்கு, ஆனா மெனு எல்லாமே ரஷ்ய மொழி. ஒரு எழுத்து கூடப் புரியல. ஐகானைப் பாத்துக் குத்துமதிப்பா அழுத்திக்கிட்டே போனதுல தமிழ் புத்தகமே கெட்டுப் போச்சு. "மேகம்"னு இருக்க வேண்டியது "மகேம்"னு தெரியுது, "பெயர்" "பயெர்" ஆயிடுச்சு. இடது வலது ஓரத்தைக் குறைச்சாலும் நிறைய வெள்ளை இடம் மிச்சம் நிக்குது. இதே புத்தகம் ஃபோன்லயும் இருக்கு. ரெண்டுக்கும் ஒரே கணக்குல லாகின் பண்ணியும் படிச்ச இடம் வந்து சேரல. எங்க ஆரம்பிக்கணும்?

நெடில் | மார்ச் 3, இரவு 10:05

எழுத்துருதான் பிரச்சினை. அதுல இருக்கிற ஃபாண்ட்ல தமிழ் கிடையாது. NotoSerifTamil-Regular.ttf, NotoSerifTamil-Bold.ttf ரெண்டையும் இறக்கி koreader ஃபோல்டருக்குள்ள இருக்கிற fonts ஃபோல்டர்ல போடுங்க. ஆப்பை மூடித் திறந்தா சரியாயிடும்.

தாள்முனை | மார்ச் 3, இரவு 11:20

நெடில் சொன்ன எழுத்துருவைப் போடுவது நல்லதுதான், ஆனால் இந்தக் கோளாறு அதனால் தீராது. எழுத்துருவில் தமிழே இல்லையென்றால் கட்டங்களோ கேள்விக்குறிகளோ வரும், அல்லது வேறொரு எழுத்துருவிலிருந்து இரவல் வாங்கிய தமிழ் வரும். இங்கே எழுத்துகள் எல்லாமே இருக்கின்றன, வரிசைதான் பிசகியிருக்கிறது.

"மேகம்" என்பதைக் கோப்பு எப்படி வைத்திருக்கிறது என்று பாருங்கள். முதலில் ம, அடுத்து இரட்டைக்கொம்பு, பிறகு க, பிறகு ம். கொம்பு ம-வுக்குப் பின்னால்தான் சேமிக்கப்படுகிறது. அதைத் தூக்கி ம-வுக்கு முன்னால் வைப்பது, திரையில் எழுத்தை வரைகிற நிரலின் வேலை. அந்த வேலை நிறுத்தப்பட்டால் கொம்பு இருந்த இடத்திலேயே நின்றுவிடும். ம-வுக்கும் க-வுக்கும் நடுவில் நிற்பதால் கண்ணுக்கு அது க-வின் கொம்பாகிவிடுகிறது. அதனால்தான் "மகேம்". ஒற்றைக்கொம்பும் சங்கிலிக்கொம்பும் இப்படித்தான் தடம் மாறும். துணைக்கால் மட்டும் தப்பித்துக்கொள்ளும், ஏனென்றால் அதன் இடமே எழுத்துக்குப் பின்னால்தான். "பாடம்" உங்களுக்குச் சரியாகத் தெரிகிறதா? தெரிந்தால் இதுதான் நோய் என்று உறுதி.

ஐகான்களை அழுத்திப் பார்த்தபோது எழுத்திடை அமைப்பு மாறியிருக்கிறது. புத்தகம் திறந்திருக்கும்போது திரையின் அடிப்பகுதியைத் தட்டினால் ஆறு ஐகான்களோடு ஒரு பட்டை வரும். இடமிருந்து ஐந்தாவதைத் தொடுங்கள். அதில் கடைசி வரியில் நான்கு தேர்வுகள் இருக்கும். அதற்கு மேல் வரியில் மூன்றுதான், ஆகவே குழப்பம் வராது. நான்கில் வலது ஓரத்தில் இருப்பதை அழுத்துங்கள். ஆங்கில மெனுவில் அந்த நான்கும் off, fast, good, best. தமிழுக்கு best ஒன்றுதான் ஆகும். மூன்றாவதைப் பார்த்து "இதுவும் நல்லது என்றுதானே போட்டிருக்கிறது" என்று விட்டுவிடாதீர்கள். அது பக்கத்துப் பக்கத்து எழுத்துகளின் இடைவெளியை மட்டும் சீராக்கும். கொம்பை இடம் மாற்றாது.

ஏட்டுக்காரி | மார்ச் 4, காலை 7:15

"பாடம்" சரியாத்தான் இருந்துச்சு. கடைசி வரி, வலது ஓரம் அழுத்தினேன், "மேகம்" திரும்ப வந்துடுச்சு! ரெண்டாவது தேர்வு கறுப்பா இருந்துச்சு, அதாவது fast. ஆனா இன்னொரு புத்தகத்தைத் திறந்தா அதுல இன்னும் "மகேம்"தான். ஒவ்வொன்னுக்கும் தனித்தனியா மாத்தணுமா?

தாள்முனை | மார்ச் 4, காலை 8:30

இந்தப் பட்டையில் செய்யும் மாற்றம் திறந்திருக்கும் புத்தகத்தோடு நின்றுவிடும். ஒவ்வொரு புத்தகத்துக்கும் பக்கத்தில் .sdr என்று முடியும் ஒரு ஃபோல்டர் உருவாகி, அந்தப் புத்தகத்தின் அமைப்புகள் அதற்குள் உட்கார்ந்துகொள்கின்றன. புதிதாகத் திறக்கப்போகும் புத்தகங்களுக்கும் இதே அமைப்பு வேண்டுமென்றால் அந்த வலது ஓரத் தேர்வை விரல் எடுக்காமல் அழுத்திப் பிடியுங்கள். ஒரு கேள்விப் பெட்டி வரும். இந்த ஆப்பில் இரண்டு பொத்தான் பெட்டிகளில் இடது பக்கம் "வேண்டாம்", வலது பக்கம் "சரி". வலதை அழுத்துங்கள்.

ஏற்கெனவே திறந்த புத்தகங்கள் பழைய அமைப்பையே பிடித்துக்கொண்டிருக்கும். "எல்லாவற்றுக்கும் மாற்றினேன், இந்த ஒன்று மட்டும் கேட்கவில்லை" என்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டுகிறார்கள். அவற்றைத் திறந்து ஒருமுறை மாற்றினால் போதும்.

இன்னொன்று. மேல் மெனுவில் ஒரு புத்தகத்தின் அமைப்பை இயல்புநிலைக்குத் திருப்பும் கட்டளையும், இப்போதுள்ள அமைப்பையே எல்லாவற்றுக்கும் இயல்புநிலையாக்கும் கட்டளையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. மொழி தெரியாமல் ஒன்றுக்கு மற்றொன்றை அழுத்தினால் கெட்டுப்போன அமைப்பு எல்லாப் புத்தகத்துக்கும் பரவிவிடும். ஆகவே மேற்கொண்டு எதையும் தொடுவதற்கு முன் மெனு மொழியை மாற்றிவிடுங்கள்.

கரையான் | மார்ச் 4, மதியம் 1:10

மொழி மாத்த வழி: திரையோட மேல் பகுதியைத் தட்டுங்க, பற்சக்கர ஐகான். பட்டியலோட கடைசிப் பக்கமா Язык னு ஒரு வரி இருக்கும், ரஷ்யன்ல "மொழி"ன்னு அர்த்தம். அதுக்குள்ள போனா ஒவ்வொரு மொழியோட பேரும் அந்தந்த மொழியிலயே எழுதியிருக்கும், English னு தனியாத் தெரியும். அதை அழுத்துங்க. ஆப் மறுபடி தொடங்கணும்னு கேக்கும், வலது பொத்தான்.

கணினி பக்கத்துல இருந்தா மெனுவைத் தொடாமலே முடிச்சிடலாம். koreader ஃபோல்டர்ல settings.reader.lua னு ஒரு கோப்பு இருக்கும். அதுல

```
["language"] = "ru",
```

இந்த வரியைத் தேடி

```
["language"] = "C",
```

னு மாத்துங்க. C ன்னா மொழிபெயர்ப்பு இல்லாத மூல ஆங்கிலம். மேற்கோள் குறி, கடைசிக் காற்புள்ளி ரெண்டும் அப்படியே இருக்கணும்.

தாள்முனை | மார்ச் 4, மதியம் 1:45

கரையான் சொன்ன இரண்டாவது வழிக்கு ஒரு நிபந்தனை உண்டு. திருத்தும் நேரத்தில் கோரீடர் ஓடிக்கொண்டிருக்கக் கூடாது. அது மூடும்போது தன் நினைவில் உள்ள அமைப்புகளையெல்லாம் அதே கோப்பில் திரும்ப எழுதும். நீங்கள் மாற்றியதன் மேல் பழையது ஏறிவிடும். முதலில் ஆப்பிலிருந்து வெளியேறுங்கள், பிறகு கணினியில் இணைத்துத் திருத்துங்கள். மாற்றும் முன் அந்தக் கோப்பின் நகல் ஒன்றை வேறிடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏட்டுக்காரி | மார்ச் 4, இரவு 8:50

Язык கண்டுபிடிச்சு மாத்திட்டேன். ஆங்கிலம் வந்துடுச்சு. இப்ப ஓரத்துக்கு வருவோம். கீழ்ப்பட்டையில ரெண்டாவது ஐகான், L/R Margins. இடது கோடிக்குக் கொண்டு போயிட்டேன். அப்பவும் ரெண்டு பக்கமும் ஒரு விரல் அகலத்துக்கு வெள்ளை. இன்னொரு புத்தகத்துல அதே அளவு வச்சா எழுத்து திரை விளிம்பு வரைக்கும் போகுது.

நெடில் | மார்ச் 4, இரவு 9:30

புத்தகத்துக்குப் புத்தகம் மாறுதுன்னா அது புத்தகத்துக்குள்ள இருக்கிற ஸ்டைல். கீழ்ப்பட்டையில கடைசி ஐகான், Embedded Style னு இருக்கும், அதை off பண்ணுங்க. இந்தத் தடவை சரியாத்தான் சொல்றேன்னு நினைக்கிறேன்.

தாள்முனை | மார்ச் 4, இரவு 10:15

காரணம் முற்றிலும் சரி. புத்தகத்தைத் தயாரித்தவர் உள்ளே ஓர் ஓரம் வைத்திருக்கிறார், நீங்கள் ஆப்பில் வைப்பது அதன்மேல் கூடுகிறது. ஆப் பக்கத்து ஓரத்தைப் பூஜ்யமாக்கினாலும் புத்தகத்தின் ஓரம் போகாது.

மருந்துதான் சற்றுக் கடுமை. Embedded Style-ஐ அணைத்தால் ஓரத்தோடு தலைப்பின் அளவு, கவிதை வரிகளின் உள்தள்ளல், மேற்கோள் பத்திகள் எல்லாம் போய்விடும். நாவலுக்குப் பரவாயில்லை. கவிதைத் தொகுப்பில் வரியமைப்பே குலைந்துபோகும். அதற்குப் பதிலாக ஓரத்தை மட்டும் எடுக்கலாம். koreader ஃபோல்டருக்குள் styletweaks என்ற ஃபோல்டர் இருக்கிறதா பாருங்கள், இல்லையென்றால் உருவாக்குங்கள். அதில் oram.css என்று ஒரு கோப்பு வைத்து இந்த ஒரு வரியை எழுதுங்கள்:

```
body { margin: 0 !important; padding: 0 !important; }
```

ஆப்பை மூடித் திறந்து, மேல் மெனுவில் Style tweaks உள்ளே போனால் அந்தக் கோப்பின் பெயர் தெரியும். அதை டிக் செய்யுங்கள். பத்திகளின் உள்தள்ளல் அப்படியே இருக்கும், பக்கத்தின் ஓரம் மட்டும் போகும். பிறகு L/R Margins-இல் உங்களுக்கு வேண்டிய அளவை வையுங்கள்.

ஆனால் சில புத்தகங்களில் ஓரம் body-இல் இருக்காது. உள்ளே div ஒன்றில் ஒளிந்திருக்கும். இந்த வரி போட்டும் மாறவில்லையென்றால் அப்படித்தான். அப்போது அந்தப் புத்தகத்துக்கு மட்டும் Embedded Style-ஐ அணைத்துப் பார்ப்பது எளிது.

சங்கிலிக்கொம்பு | மார்ச் 5, காலை 6:40

என் கேள்வியும் இதேதான். Embedded Style-ஐ அணைக்கப் போய் அடுத்த வரியில் இருந்த Embedded Fonts-ஐயும் அணைத்துவிட்டேன். பழைய புத்தகம் ஒன்று முழுக்க "jkpo;" மாதிரி ஆங்கிலக் குப்பையாகிவிட்டது. நீங்கள் சொன்ன நான்காவது தேர்வை வைத்தும் மாறவில்லை.

தாள்முனை | மார்ச் 5, காலை 7:25

இது வேறு நோய். jkpo; என்பது பாமினி விசைப்படி "தமிழ்". உங்கள் கோப்பில் தமிழ் எழுத்தே இல்லை. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கின்றன. புத்தகத்தோடு வந்த பாமினி எழுத்துரு j இடத்தில் த-வின் படத்தையும், kp இடத்தில் மி-யின் படத்தையும் காட்டிக்கொண்டிருந்தது. அந்த எழுத்துருவை அணைத்ததும் உள்ளே உண்மையில் என்ன இருக்கிறதோ அது தெரிகிறது. கடைசி ஐகானில் Embedded Fonts-ஐத் திரும்ப on செய்யுங்கள், படிக்கத் தெரியும்.

ஆனால் அந்தப் புத்தகத்தில் வேறு எழுத்துரு வைக்க முடியாது, தமிழில் தேட முடியாது, அகராதியில் சொல் பார்க்க முடியாது. நிரந்தரத் தீர்வு, உரையை ஒருங்குறிக்கு மாற்றிப் புதிய கோப்பு செய்வதுதான்.

வேறுபாட்டை ஒரே பார்வையில் கண்டுபிடிக்கலாம். சொல்லை அழுத்திப் பிடித்தால் அகராதிப் பெட்டி வரும். பக்கத்தில் "மகேம்" என்றிருந்து பெட்டியின் தலைப்பில் "மேகம்" என்று வந்தால் கோப்பு நலமாக இருக்கிறது, வரைவதில்தான் பிழை. பக்கத்தில் நல்ல தமிழாக இருந்து பெட்டியில் jkpo; வந்தால் கோப்பே பழைய குறியாக்கம்.

ஏட்டுக்காரி | மார்ச் 5, இரவு 9:05

oram.css வேலை செஞ்சுது, கவிதை வரியும் கலையல. ஆனா ஓரம் குறைஞ்சதும் வரிக்குள்ள சொல்லுக்குச் சொல் பெரிய பெரிய இடைவெளி கண்ணுக்குத் தெரியுது. எழுத்தளவு பெருசாத்தான் வச்சிருக்கேன்.

கரையான் | மார்ச் 5, இரவு 9:40

ரெண்டு பக்கமும் நேர்கோடா நிக்கணும்னு வரியை இழுக்குறதால வர்றது அது. நம்ம சொல் நீளம். "போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து" மாதிரி ஒன்னு வரிக்கடைசியில கொள்ளலைன்னா அப்படியே அடுத்த வரிக்குப் போயிடும், மிச்ச நாலு சொல்லையும் ஆப் இழுத்துப் பரப்பும். Style tweaks ல எழுத்தை இடப்பக்கம் மட்டும் சேர்க்கிற தேர்வு இருக்கு, அதை வச்சா இடைவெளி ஒரே சீரா இருக்கும். வலது விளிம்பு மேடுபள்ளமாத் தெரியும், அவ்வளவுதான்.

நெடில் | மார்ச் 5, இரவு 10:00

வலது விளிம்பு நேரா இல்லாட்டி அச்சுப் புத்தகம் மாதிரியே இருக்காது. எழுத்தளவை ஒரு படி குறைச்சா வரிக்கு இன்னும் ஒன்னு ரெண்டு சொல் கொள்ளும், இழுவை தானாக் குறையும். நாலாவது ஐகான்ல சொல் இடைவெளி, சொல் விரிவு ரெண்டு வரி இருக்கே, சொல் விரிவைக் கொஞ்சம் கூட்டுனா இடைவெளியோட ஒரு பங்கு எழுத்துக்கு நடுவுல பரவிடும்.

கரையான் | மார்ச் 5, இரவு 10:20

எழுத்துக்கு நடுவுல பரவுனா தமிழ் படிக்கக் கஷ்டமா இருக்கு. கால் ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்னு கண்ணு இடறுது. நான் இடப்பக்கம் சேர்க்கிற கட்சிதான்.

ஏட்டுக்காரி | மார்ச் 6, காலை 7:00

இப்போதைக்கு எழுத்தளவு ஒரு படி கம்மி, சொல் விரிவு தொடல. கடைசியா சிங்க். ரெண்டு கருவியிலயும் Progress sync ல ஒரே பேர், ஒரே கடவுச்சொல். ஃபோன்ல இன்னும் பழைய பக்கம்தான். எழுத்தளவும் ஓரமும் ரெண்டுலயும் வேற வேறயா இருக்கிறதாலயா?

நெடில் | மார்ச் 6, காலை 7:45

ஆமா, பக்க எண் மாறிடும்ல. இதுல 212ஆம் பக்கம்னா ஃபோன்ல 380. ரெண்டுலயும் ஒரே எழுத்துரு, ஒரே ஓரம் வச்சுப் பாருங்க.

சங்கிலிக்கொம்பு | மார்ச் 6, காலை 8:10

சிங்க் செய்தால் எழுத்துரு அமைப்பும் சேர்ந்தே ஃபோனுக்குப் போகும் என்றுதான் நினைத்திருந்தேன். போகாதா?

தாள்முனை | மார்ச் 6, காலை 9:30

போகாது. படித்த இடம் மட்டும்தான் போகும். எழுத்துரு, அளவு, ஓரம், எழுத்திடை எல்லாம் கருவியோடு நிற்கும். ஃபோனிலும் "மகேம்" வந்தால் அங்கேயும் தனியாக மாற்ற வேண்டும்.

நெடில், இதில் பக்க எண் எடுபடாது. EPUB புத்தகத்தில் கோரீடர் அனுப்பும் இடக்குறிப்பு இப்படி இருக்கும்:

```
/body/DocFragment[7]/body/p[42]/text().118
```

ஏழாவது பகுதி, அதில் 42ஆம் பத்தி, அதன் உரையில் 118ஆம் எழுத்திடம். எழுத்தளவு எதுவானாலும் 42ஆம் பத்தி 42ஆம் பத்திதான். ஒரே ஒரு சின்ன வேறுபாடு வரும். குறிக்கப்படுவது திரையில் தெரிந்த பக்கத்தின் முதல் வரி. ஃபோனில் அந்த வரி ஒரு பக்கத்தின் நடுவில் விழலாம். பக்கத்தின் தொடக்கத்தில் தேடிவிட்டு "வரவில்லை" என்று நினைக்க வேண்டாம். சதவீதமும் இரண்டு கருவியிலும் கொஞ்சம் வேறுபடும், அது பக்கக் கணக்கில் வருவது.

ஏட்டுக்காரிக்குச் சந்தேகிக்க வேண்டியது கோப்பு. இரண்டு கருவியிலும் இருப்பது ஒரே புத்தகம் என்று ஆப் எப்படி அறிகிறது? Progress sync பட்டியலின் கடைசியில் Document matching method என்று இருக்கிறது. இயல்பாக அது Binary. கோப்பின் சில இடங்களிலிருந்து துண்டுகளை எடுத்து ஓர் அடையாள எண் போடும். கோப்பு கொஞ்சம் மாறியிருந்தாலும் அந்த எண் மாறிவிடலாம், சர்வருக்கு அது வேறு புத்தகம். தலைப்பு, அட்டை எல்லாம் ஒன்றாக இருப்பது கணக்கில் வராது. ஃபோனுக்கு எப்படி அனுப்பினீர்கள்?

ஏட்டுக்காரி | மார்ச் 6, மதியம் 12:20

ஃபோனுக்கு நேரா இறக்கினது. ஈ-ரீடருக்கு கணினியில இருக்கிற காலிபர்ங்கிற நிரல் வழியா அனுப்பினேன். அதுல ஆசிரியர் பேரும் அட்டையும் மாத்தினேன்.

தாள்முனை | மார்ச் 6, மதியம் 1:05

அங்கேதான். காலிபர் அனுப்பும்போது நீங்கள் மாற்றிய விவரங்களைக் கோப்புக்குள் எழுதிவிடும். இரண்டையும் கணினிக்கு எடுத்துவந்து ஒப்பிடுங்கள்:

```
md5sum phone.epub reader.epub
```

இரண்டு வரியிலும் நீண்ட எண் ஒன்றாக இருந்தால் கோப்பு ஒன்று. வேறாக இருந்தால் காலிபரிலிருந்து ஈ-ரீடருக்குப் போன அதே கோப்பை ஃபோனிலும் நகலெடுத்து வையுங்கள். பிறகு ஈ-ரீடரில் வைஃபை போட்டு, புத்தகத்தைத் திறந்து, Progress sync-இல் Push progress from this device now. ஃபோனில் அதே இடத்தில் Pull progress from other devices now. தானாகச் சிங்க் ஆவதை இப்போது நம்பாதீர்கள். கையால் அனுப்பி, கையால் வாங்கி, அது நடந்த பிறகு தானியங்கியை இயக்குங்கள். அப்போதுதான் வைஃபை இல்லாததா, கோப்பு வேறா என்று பிரித்துச் சொல்ல முடியும்.

கரையான் | மார்ச் 6, மதியம் 2:30

கோப்பை மாத்த முடியாதவங்க matching method ஐ Filename னு வைக்கலாம். ரெண்டு கருவியிலயும் வைக்கணும், ஒன்னுல மட்டும் மாத்தினா வேலைக்காகாது. கோப்புப் பேர் ஒரு எழுத்து பிசகாம ஒன்னா இருக்கணும். ஃபோன்ல ரெண்டு தடவை இறக்கினா பேர் கடைசியில (1) னு ஒட்டிக்கும், அதுவே போதும் கெடுக்க.

தாள்முனை | மார்ச் 6, மாலை 4:10

சரி. ஆனால் Filename வழியில் ஓர் ஆபத்து இருக்கிறது. பெயர் ஒன்றாக இருந்து உள்ளடக்கம் வேறு பதிப்பாக இருந்தால் ஆப் இரண்டையும் ஒன்றென்று நம்பிவிடும். ஒரு பதிப்பில் முன்னுரை தனிப் பகுதியாக இருந்து மற்றதில் இல்லையென்றால், ஏழாவது பகுதியின் 42ஆம் பத்தி வேறு அத்தியாயத்தில் போய் விழும். அட்டை மட்டும் மாறிய கோப்புக்கு Filename போதும். பதிப்பே வேறென்றால் வேண்டாம்.

ஏட்டுக்காரி | மார்ச் 7, இரவு 9:55

md5sum எண் ரெண்டும் வேற வேறதான். காலிபர் கோப்பை ஃபோனுக்கு நகலெடுத்து Push, Pull பண்ணினேன், இடம் வந்துடுச்சு, தாள்முனை சொன்ன மாதிரி பக்கத்தோட நடுவுல. எழுத்தளவு ரெண்டுலயும் வேறயாத்தான் இருக்கு.

இன்னொரு புத்தகத்துல மட்டும் Pull பண்ணினா ஒரு அத்தியாயம் தள்ளிப் போகுது. அதுக்கு Filename வச்சிருந்தேன்.

கரையான் | மார்ச் 7, இரவு 10:15

ரெண்டையும் திறந்து பொருளடக்கத்தைப் பக்கத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க. ஒன்னுல முன்னுரையோ காப்புரிமைப் பக்கமோ கூடுதலா இருக்கும்.

ஏட்டுக்காரி | மார்ச் 8, காலை 6:50

ஃபோன்ல பதிப்புரைன்னு ஒன்னு கூடுதலா இருக்கு. ஃபோன்ல இருந்த கோப்பை அழிச்சுட்டு ஈ-ரீடர் கோப்பையே அங்கயும் போட்டேன், Binary க்குத் திரும்ப மாத்திட்டேன். அத்தியாயம் சரியா வருது.